புதரை விட்டு வரமாட்டேன்

அந்த மாதம் ஆஸ்டின் டவுனில் குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் பயந்துபோயிருந்தார்கள். எங்கோ பெரிய அணை கட்டுகிறார்களாம், சுவர் நிற்கவே மாட்டேன் என்கிறதாம், அஸ்திவாரத்தில் போடக் குழந்தைத் தலை வேண்டுமாம், அதற்காகக் கோணிப்பையும் கையுமாக ஆட்கள் கண்டோன்மென்ட் பூராவும் திரிகிறார்களாம். எந்த அணை, யார் பார்த்தது என்று கேட்டால் பதில் கிடையாது. கேட்டவனைத்தான் ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஓட்டுக்கூரை போட்ட தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் சீனிவாசராகவன் இந்தப் புரளியை நம்பாதவர். ஆனாலும் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மார்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவராலும் சும்மா இருக்க முடியவில்லை. அலமாரியிலிருந்து ஒரு தடித்த கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெர்னதெத்தின் வகுப்புக்கு வந்தார். பெர்னதெத் பாலர் வகுப்பு டீச்சர். நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்து மேய்ப்பவள்.

"இதுல மான்குட்டிக் கதை ஒண்ணு இருக்கும்மா. யாராவது கூப்பிட்டா நம்பிப் போயிடப்படாதுங்கற நீதி. பெரிய பசங்களுக்கு எழுதினது. நீங்கதான் சின்னதாப் பண்ணிச் சொல்லணும். நீதி மட்டும் கெடப்படாது" என்றார்.

பெர்னதெத் அன்று வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தாள். பக்கம் பக்கமாகப் போயிற்று. வனத்தின் வர்ணனை முடிவதற்குள் அவளுக்கே கொட்டாவி வந்தது. தாய் மான் மேயப் போகுமுன் குட்டியைப் புதரில் விட்டு, வெளியே வராதே என்று சொல்லிவிட்டுப் போகிறது. இதைச் சொல்ல ஒரு முயல், ஒரு மயில், அவை பேசும் நியாயங்கள். பிறகு புலி வருகிறது. முதலில் பக்கத்துப் புதர்ப் பெரியம்மா மானின் குரலிலும், பிறகு தாய் மானின் குரலிலும் கூப்பிடுகிறது. குட்டி போகவில்லை. கடைசியில் நிஜத் தாயே வரும்போதும் குட்டி வெளியே வர மறுக்கிறது. அதற்குமேல் தாய்க்கும் குட்டிக்கும் செய்யுளும் உரைநடையுமாக நீண்ட சம்பாஷணை. சோதித்துத் தெளிந்தபின் நம்புவதே அறிவுடைமை என்று அது முடிகிறது.

கதையைச் சின்னதாக்குவது பெர்னதெத்துக்குக் கைவந்த வேலை. முயலையும் மயிலையும் தூக்கினாள். காட்டைப் பற்றி, பெரிய காடு, இருட்டுக் காடு என்று இரண்டே வார்த்தை வைத்துக்கொண்டாள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு காரியம், அதற்குமேல் இல்லை. பிள்ளைகள் பிடித்துக்கொண்டு தொங்க ஒரு பாட்டு வேண்டுமே என்று, புலி கூப்பிடும்போதெல்லாம் குட்டி சொல்வதாக ஒன்றைக் கட்டினாள்: "வரமாட்டேன், வரமாட்டேன், புதரை விட்டு வரமாட்டேன்."

மறுநாள் வகுப்பில் கதை அமர்க்களப்பட்டது. அவள் குரலைக் கனமாக்கி, பெரியம்மா மான் மாதிரிக் கூப்பிடும் புலியானாள். "உங்கம்மா கூப்பிடறாங்க, வா கண்ணு!" என்றாள். பிறகு குரலை இளக்கி, "அம்மா வந்திருக்கேன், வாடா செல்லம்!" என்றாள். பிள்ளைகள் ஒருத்தரையொருத்தர் கட்டிக்கொண்டு வரமாட்டேன் வரமாட்டேன் என்று கத்தின. நிஜத் தாய் வரும் இடத்துக்கு வந்தபோது நாலைந்து பிள்ளைகள் நெளிய ஆரம்பித்திருந்தன, மணியும் அடிக்கிற நேரம். அந்தச் சம்பாஷணையை எப்படிச் சின்னதாக்குவது என்று அவளுக்கு முதல் நாளே பிடிபடவில்லை. அதை அப்படியே விட்டாள். "புலி போயிடுச்சு. குட்டி பத்திரமா இருந்துச்சு. அதனால யாரு கூப்பிட்டாலும் போகக்கூடாது. தெரிஞ்ச குரலா இருந்தாலும் போகக்கூடாது" என்று முடித்தாள். வாசலில் நின்று கேட்ட சீனிவாசராகவன், "பேஷ், சாரம் கொஞ்சங்கூடக் கெடலை" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். படித்த மனிதர், கடைசிப் பகுதி விட்டுப்போனால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியவில்லை.

இது நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாயங்காலம் பள்ளி விட்டு, பிள்ளைகளெல்லாம் போய்விட்டன. யசோதா மட்டும் கேட்டருகே உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயது இன்னும் முடியாத, வாய் ஓயாமல் பேசுகிற பெண். அப்பா ரயில்வே வேலைக்கு ஆந்திரா பக்கம் போயிருந்தார். அம்மா பாஞ்சாலி மில்லில் வேலை செய்தாள். விடியுமுன்னே போய்ச் சாயங்காலம் திரும்புகிறவள், வரும் வழியில் மகளைக் கூட்டிக்கொண்டு போவாள். அன்று வானம் அல்சூர்ப் பக்கமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. புழுதிக் காற்று அடித்தது. பெர்னதெத் உள்ளே ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

மில்லில் மிஷின் நின்று வேலை இழுத்துக்கொண்டது. மில் கேட்டுப் பக்கம் வந்த கோவிந்தப்பாவிடம், பிள்ளையைக் கூட்டிப்போய் வீட்டில் விட்டுவிடு என்று பாஞ்சாலி சொல்லி அனுப்பினாள். கோவிந்தப்பா பக்கத்து வீட்டுக்காரர். கன்னடக்காரர், தமிழ் பேசுவார். தெருத்தெருவாகப் பழைய பேப்பரும் காலி பாட்டிலும் வாங்குவது தொழில். அதனால் முதுகில் கோணிப்பை. அந்தப் பையோடுதான் அவர் பள்ளிக்கூடக் கேட்டருகே வந்து நின்றார்.

"யசோ, பாரம்மா. உங்கம்மா கூப்பிடறாங்க, வா கண்ணு" என்றார்.

பிள்ளை சட்டென்று எழுந்து வரட்டும் என்றுதான் அப்படிச் சொன்னார். பாவம், அவர் அந்தக் கதையைக் கேட்டதில்லை. யசோதா எழுந்து நின்றாள். தினம் பார்க்கிற மாமாதான். ஆனால் பை இருந்தது. வார்த்தையும் அதே வார்த்தை. அவள் முகம் வெளுத்து, "வரமாட்டேன்" என்று கத்திக்கொண்டு ரோட்டில் இறங்கி ஓடினாள். கோவிந்தப்பா பதறிப்போய்ப் பின்னால் ஓடினார். அதுதான் இன்னும் கெடுதலாயிற்று.

பள்ளிக்கூடத்துக்குச் சற்றுத் தள்ளி ரோட்டின் அடியில் மழைத்தண்ணீர் போகிற மோரி ஒன்று உண்டு. ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஒரே சிமெண்டுக் குழாய். மேட்டுப் பக்கத்து வாயில் குப்பையும் மண்ணும் அடைத்துக்கொண்டு கிடந்தன, பள்ளத்துப் பக்கத்து வாய் மட்டும் திறந்திருந்தது. யசோதா அதற்குள் புகுந்தாள். பெரியவர்களுக்குத் தோள் நுழையாத குழாய்.

பெர்னதெத் கூச்சல் கேட்டு ஓடிவந்தபோது கோவிந்தப்பாவின் சட்டைக் காலரை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். "பிள்ளை பிடிக்கிறவன்டா!" என்று ஒருத்தன் கையை ஓங்கினான். "அய்யோ தேவரே, கடவுளே, நான் பக்கத்து மனேகாரன்! மகு, குழந்தை, மோரிக்குள்ள போயிடுச்சு, முதல்ல அதைப் பாருங்கப்பா!" என்று அவர் கன்னடமும் தமிழுமாக அழுதார். பெர்னதெத்துக்கு அவரைத் தெரியும். "விடுங்க அவரை!" என்று கத்தியவள், மோரி வாயருகே குனிந்தாள். உள்ளே கும்மிருட்டு. சின்ன மூச்சு இரைப்பது கேட்டது. அதற்கு நடுவே கீச்சுக் குரலில், "வரமாட்டேன், வரமாட்டேன், புதரை விட்டு வரமாட்டேன்."

அந்தப் பாட்டைக் கட்டியவள் அவள்தான்.

பெரிய பெரிய துளியாக மழை விழ ஆரம்பித்தது. மேட்டுப் பக்கம் முன்பே நல்ல மழை போலிருக்கிறது. ரோட்டோர வாய்க்காலில் செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து, குழாயின் அடைந்த வாயில் தேங்கி ஏறியது. அந்தக் குப்பையும் மண்ணும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாரால் சொல்ல முடியும்? உடைத்துக்கொண்டால் மொத்தத் தண்ணீரும் குழாய்க்குள்தான் பாயும். நாலு பேர் ஓடிப்போய்க் கல்லையும் மண்ணையும் அள்ளிப்போட்டு அணைகட்டப் பார்த்தார்கள். கோவிந்தப்பா தன் பையைக் கவிழ்த்து, பேப்பர் பாட்டில் எல்லாவற்றையும் ரோட்டில் கொட்டிவிட்டு, அதில் மண்ணை ரொப்பிக்கொண்டு ஓடினார். ஃபயர் இஞ்சினுக்கு ஒருத்தன் சைக்கிளில் போனான்.

இன்னொருத்தன் மூங்கில் கழியைக் கொண்டுவந்து, பிடிச்சுக்கோ பாப்பா என்று உள்ளே விட்டான். முட்டியும் கையும் சிமெண்டில் தேய்கிற சத்தம் கேட்டது. குழந்தை பின்னால் நகர்ந்தாள். தண்ணீர் நிற்கிற பக்கம். "கழியை எடு!" என்று பெர்னதெத் அலறினாள்.

சீனிவாசராகவன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "அது வெறும் கதைம்மா குழந்தே! நிஜமில்லை!" என்று குழாய்க்குள் கத்தினார். பதிலுக்கு வரமாட்டேன் என்றது குழாய். அவர் பெர்னதெத்தின் பக்கம் திரும்பினார். "புலி செத்துப்போச்சுன்னு சொல்லிடுங்கோ டீச்சர். வேடன் சுட்டுட்டான்னு சொல்லுங்கோ. எதையாவது சொல்லி வெளியில கொண்டுவாங்கோ."

அதையும் அவள் யோசித்தாள். சொல்லி, குழந்தை நம்பாமல் போனால் பிறகு சொல்வதற்குக் கையில் ஒன்றுமே இருக்காது. நம்பி வந்துவிட்டாலோ, பொய் சொல்லிக் கூப்பிட்டால் வரலாம் என்று அவளே கற்றுக்கொடுத்ததாக ஆகும். இதையெல்லாம் ஒழுங்காக நினைத்தாளா என்று கேட்டால் சொல்வதற்கில்லை. பயத்தில் மூளை ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போது பாஞ்சாலி வந்துவிட்டாள். நினைத்ததைவிடச் சீக்கிரம் மில் விட்டு வந்தவள் கூட்டத்தைப் பார்த்து, கோவிந்தப்பாவைப் பார்த்து, ஒரே ஓட்டமாக வந்து மோரி வாயில் விழுந்தாள். "யசோ! அம்மாடி! அம்மா வந்திருக்கேன்டி, வாடி செல்லம்!"

கூட்டம் குழாய் வாயை எட்டிப் பார்த்தது. தாயின் குரல் கேட்டால் வந்துவிடாதா? உள்ளே குழந்தை ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே இன்னும் பின்னால் நகர்ந்தாள். புலி அப்படித்தானே கூப்பிட்டது? முதலில் பெரியம்மா குரலில், அப்புறம் அம்மா குரலில். பாஞ்சாலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்கிட்டயே வரமாட்டேங்குதே, இன்னா ஆச்சு எம் பொண்ணுக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பெர்னதெத்துக்கு விளங்கிவிட்டது. பயப்படுகிற பாதிக் கதையைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, பயம் தெளிகிற பாதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டுவிட்டாள். அதை இப்போது கொடுக்க வேண்டும். மழையில், இந்த ஓட்டை வழியாக, தண்ணீர் உடைத்துக்கொள்வதற்குள். புத்தகத்தில் இருந்த வார்த்தைகள் ஞாபகம் வந்தன. ஐயமறத் தெளிதல், சோதித்து அறிதல். ஒன்றுகூட அந்தக் காதுக்குள் நுழையாது.

பாஞ்சாலியின் தோளை அழுத்தி ஓரமாக நகர்த்தினாள். சேறென்று பார்க்காமல் குப்புறப் படுத்து, முகத்தைக் குழாய்க்குள் நீட்டினாள். குழாயின் அடியில் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் ஓட ஆரம்பித்திருந்தது. சில்லென்று கழுத்தை நனைத்தது.

"யசோ, டீச்சர் பேசறேன். நீ வெளிய வராதே" என்றாள்.

"என்ன டீச்சர் சொல்றே!" என்று பின்னால் பாஞ்சாலி கத்தினாள். உள்ளே அழுகை சட்டென்று நின்றது.

"வராதே. அங்கயே இரு. கதை இன்னும் முடியலை யசோ. டீச்சர் பாதியில நிறுத்திட்டேன். மீதி சொல்லட்டுமா?"

மேட்டுப் பக்கத்திலிருந்து, "இன்னும் மண்ணு! மண்ணு கொண்டா!" என்று கத்தல் கேட்டது. அவசரமாகச் சொல்ல நாக்குத் துடித்தது. அவசரப்படுத்தினால் குழந்தை கண்டுபிடித்துவிடும். வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிற மாதிரியே சொன்னாள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு காரியம்.

"புலி போயிடுச்சு. அப்புறம் நிஜ அம்மா வந்துச்சு. வா கண்ணுன்னு கூப்பிட்டுச்சு. குட்டி என்ன சொல்லிச்சு?"

"வரமாட்டேன்" என்றது இருட்டு.

"ஆமா. அம்மா திட்டிச்சா? திட்டலை. அடிச்சுதா? அடிக்கலை. கெட்டிக்காரப் பொண்ணுன்னு சொல்லிச்சு. நீ வராதே, முதல்ல என்னைக் கேளுன்னு சொல்லிச்சு."

"என்னா கேக்கணும்?"

பெர்னதெத் முகத்தை இன்னும் உள்ளே நீட்டினாள்.

"புலிக்கு அம்மாவோட குரல் தெரியும். ஆனா குட்டியைத் தெரியாது. அம்மாவுக்குத்தான் குட்டியைத் தெரியும். அதனால, அம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சதைக் கேளுன்னு சொல்லிச்சு. குட்டி கேட்டுச்சு. அம்மா சரியாச் சொல்லிச்சு. அப்பதான் குட்டி வெளிய வந்துச்சு. தப்பாச் சொன்னா வரக்கூடாது. சரியாச் சொன்னா வரலாம். உங்கம்மா இங்க இருக்காங்க யசோ. நீ கேளு."

அவ்வளவுதான் கதை. பக்கம் பக்கமாக இருந்த சம்பாஷணை அவ்வளவுக்குள் அடங்கிவிட்டது. நீதியும் அதற்குள்தான் இருந்தது.

பெர்னதெத் நகர்ந்து இடம் விட்டாள். பாஞ்சாலி முகத்தை வைத்தாள். கூட்டம் பூராவும் குனிந்துகொண்டிருந்தது. குழந்தை யோசித்தாள். ஐந்து வயதுப் பிள்ளை யோசிக்கிற நேரம் அன்றைக்கு அவர்களுக்கு யுகமாக இருந்தது.

"காலைல எனக்குத் தின்ன என்னா குடுத்தே?"

"இட்லிடி கண்ணு" என்றாள் பாஞ்சாலி, உடனே. "சூடா இட்லி குடுத்தேன்ல? வாடி!"

உள்ளே முட்டி தேய்கிற சத்தம் மறுபடி கேட்டது. பின்னால் போகிற சத்தம். அடுத்து, தண்ணீரில் கை அளைகிற சத்தமும் கேட்டது. மேட்டில் ஒருவன், "கரையுதுடா, கரையுது!" என்று கத்தினான்.

பெர்னதெத் பாஞ்சாலியின் கையைப் பிடித்து உலுக்கினாள். "நிஜத்தைச் சொல்லு பாஞ்சாலி. நிஜம் என்ன?"

பாஞ்சாலி நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள். தெருவே நின்றுகொண்டிருந்தது. மில்லில் கூட வேலை செய்கிற பெண்கள், கடைக்காரர், ஹெட்மாஸ்டர். அவள் உதடு கோணிக்கொண்டது. பிறகு யாரையும் பார்க்காமல் குழாய்க்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினாள்.

"ஒண்ணும் குடுக்கலைடி! வூட்ல ஒண்ணும் இல்லைடி யசோ! நீ தூங்கிக்கினு இருந்தே, எழுப்பினா பசிக்குதும்பேன்னு எழுப்பாமலே போயிட்டேன்டி! அம்மா ஒண்ணுமே குடுக்கலைடி!"

பாஞ்சாலி இரண்டு கையையும் உள்ளே நீட்டினாள்.

"ஆமா" என்றாள் யசோதா.

தேய்கிற சத்தம் வந்தது. இந்தத் தடவை அது கிட்டே வந்தது. முதலில் சேறு அப்பிய இரண்டு கை தெரிந்தது. பாஞ்சாலி அந்தக் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். பெர்னதெத் இருவரையும் கரைமேல் தள்ளினாள். அவர்கள் ரோட்டில் ஏறி நிற்கக்கூட இல்லை, உள்ளே திமுதிமுவென்று ஒரு சத்தம் கேட்டது. குப்பை, கட்டை, கோவிந்தப்பாவின் மண் ரொப்பிய கோணிப்பை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு குழாய் முழுக்கச் செம்மண் தண்ணீர் பீறிட்டு வந்தது.

சீனிவாசராகவன் நனைந்த ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பெர்னதெத் சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினாள், கை பாதிவரைதான் வந்தது. கோவிந்தப்பா தலைத்துண்டைப் பிழிந்து குழந்தையின் முகத்தைத் துடைக்க வந்தார். யசோதா அவரை ஒருதரம் உற்றுப் பார்த்தாள். கையில் பை இல்லை. துடைக்க விட்டாள்.

பிறகு அம்மாவின் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"மொதல்ல ஏன் இட்லின்னு சொன்னே?"

"எல்லாரும் கேட்டுக்கினு இருந்தாங்கடி" என்றாள் பாஞ்சாலி. "வெக்கமா இருந்திச்சு."

"புலியும் இட்லின்னுதான் சொல்லியிருக்கும்" என்றாள் யசோதா.

பாஞ்சாலி அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.